மூன்று எழுத்தில் ஒரே பெயர்: இலங்கை ஆவணங்களில் ஆளைப் பொருத்துவது எப்படி?

இலங்கையில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு தமிழரின் கோப்பைத் திறந்தால், அவர் பெயர் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று மொழி எழுத்துகளில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் காணி உறுதியும் தமிழில் இருக்கும். கொழும்பில் வேலை செய்த காலத்தில் எடுத்த அடையாள அட்டை சிங்களத்தில் இருக்கும். கடவுச்சீட்டும் வங்கிக் கணக்கும் ஆங்கிலத்தில். 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி ஆனது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. சட்டம் மாறினாலும் பழைய காகிதம் செல்லுபடியானதுதான். அதனால் ஒவ்வொரு காலத்தின் எழுத்தும் கோப்பில் தங்கிவிடுகிறது.

பதிவேடுகள் காகிதமாக இருந்த வரை இது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. கிராம அலுவலருக்கு ஆளைத் தெரியும், அல்லது ஆளின் தகப்பனைத் தெரியும். பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி ஒன்றோடொன்று இணைக்கும்போதுதான் பிரச்சினை வெளியே வருகிறது. காணிப் பதிவில் இருப்பவரும் ஓய்வூதியப் பட்டியலில் இருப்பவரும் ஒரே ஆளா என்று கணினி எப்படிச் சொல்லும்? மூன்று எழுத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிட்டால் சரிதானே என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அது ஏன் சரிவராது என்பதிலிருந்தே தொடங்கலாம்.

தமிழ் எழுத்தில் க என்பது ஒன்று. கணேசன் என்று எழுதிவிட்டால், அதைப் படிக்கும் தமிழருக்கு ஒலி தானாக வந்துவிடும். சிங்களத்தில் எழுதும் எழுத்தர் ක போடுவதா ග போடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். ச வரும் இடத்தில் ස, ශ, ෂ என மூன்று இருக்கின்றன. எந்தத் தெரிவும் தவறு அல்ல. ஆங்கிலத்திலும் அப்படியே: Ganesan, Kanesan, Ganeshan. ஆகத் தமிழில் பிறந்த ஒரு பெயர் மற்ற இரண்டு எழுத்துக்கும் போகும்போது கிளை விடுகிறது.

சிங்களத்தில் பிறந்த பெயர் வேறு விதமாகக் கிளை விடும். ජයවර්ධන என்ற பெயருக்குச் சிங்களத்தில் நடைமுறையில் ஒரே எழுத்துக்கூட்டல்தான். ஆங்கிலத்தில் Jayawardena, Jayawardene, Jayawardhana என்று பல உண்டு. முன்னாள் ஜனாதிபதி ஜே. ஆர். தன் பெயரை Jayewardene என்று எழுதினார். தமிழ்ப் பத்திரிகைகளில் ஜயவர்தன, ஜெயவர்தன, ஜெயவர்த்தன எல்லாமே வரும். முஸ்லிம் பெயர்கள் பெரும்பாலும் அரபியிலிருந்து வந்தவை, அதனால் மூன்று எழுத்துக்குமே அவை விருந்தாளிகள். முகம்மது, முஹம்மத், மொஹமட் ஆகிய மூன்றும் தமிழ் ஆவணங்களிலேயே உண்டு. இந்த மூன்று வகையையும் ஒரே விதிப் பட்டியலால் சமாளிக்கப் போனால் ஏதாவது ஒன்றில் சறுக்கும். ஒரு பெயரைப் பொருத்தும் முன் கேட்க வேண்டியது, அது முதலில் எந்த எழுத்தில் எழுதப்பட்டது, பிறகு எந்த எழுத்துகள் வழியாக வந்தது என்பதே.

ஆங்கிலத்தில் பெயர்களை ஒலிப்படி பொருத்தப் பழைய முறை ஒன்று உண்டு. Soundex என்ற அந்த முறைக்கு அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை வழங்கப்பட்டது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்த மூன்று மெய்யெழுத்துகளை எண்களாக மாற்றும், மிச்சத்தை வெட்டிவிடும். பல தரவுத்தள மென்பொருள்களில் இது கூடவே வருவதால், யாரும் யோசிக்காமல் எடுத்துப் பயன்படுத்திவிடுகிறார்கள். தமிழ்ப் பெயர்களில் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்.

```
Mahendran       M536
Makenthiran     M253
Chelvanayakam   C415
Selvanayagam    S415
Sivakumar       S125
Sivaganesan     S125
```

முதல் இரண்டும் மகேந்திரன்தான்; குறியீடு வேறு. அடுத்த இரண்டும் செல்வநாயகம்தான். தமிழரசுக் கட்சியின் தந்தை செல்வா தன் பெயரை Ch போட்டு எழுதினார், அதே பெயருள்ள வேறு பலர் S போட்டு எழுதுகிறார்கள். முதல் எழுத்தைப் பிடித்துக்கொள்ளும் முறைக்கு இவர்கள் வேறு வேறு பெயர்க்காரர்கள். கடைசி இரண்டிலும் நிலைமை தலைகீழ். சிவகுமாரும் சிவகணேசனும் முற்றிலும் வேறு பெயர்கள், குறியீடோ ஒன்று. நம் பெயர்கள் நீளமானவை, வேறுபாடு பெரும்பாலும் பின்பகுதியில்தான் இருக்கும். நான்காவது இடத்தோடு வெட்டிவிட்டால் அந்த வேறுபாடு போய்விடும்.

இதற்கு மாற்று, மூன்று எழுத்திலும் வேறுபாடு குறைவாக உள்ள எழுத்தை அளவாக எடுப்பது. வல்லினத்தில் அது தமிழ். சிங்களத்தின் ක, ග இரண்டையும் தமிழின் க இருக்கும் இடத்துக்கு இறக்கலாம். ஆங்கிலத்தின் k, g இரண்டையும் அங்கேயே இறக்கலாம். மேலே ஏற்றுவதற்கு ஊகம் வேண்டும், கீழே இறக்குவதற்குத் தேவையில்லை. ழ, ள போன்ற இடங்களில் தமிழ்தான் வேறுபாடு கூடியது, அங்கே தமிழும் ஒரு படி இறங்க வேண்டும். இப்படி இறக்கினால் பெயருக்கு ஒரு எலும்புக்கூடு கிடைக்கும். துறையில் இதைச் சாவி என்பார்கள்.

சாவிக்கான விதிகள் அதிகம் இல்லை. க, ஹ மற்றும் அவற்றின் சிங்கள, ஆங்கில இணைகள் எல்லாம் K. ச, ஜ, ஷ, ஸ எல்லாம் C. ட, த இரண்டும் T, ஏனென்றால் ஆங்கிலத்தில் d என்று பார்த்தால் அது எது என்று சொல்ல முடியாது. ப வகை எல்லாம் P. மகரம் தவிர்ந்த மூக்கொலிகள் எல்லாம் N, மகரம் M. ல, ள, ழ மூன்றும் L. ர, ற இரண்டும் R, ஆனால் ற்ற வந்தால் T. வெற்றிவேல் என்பவர் தன்னை Vettivel என்று எழுதுவது யாழ்ப்பாணத்தில் சாதாரணம். Vetrivel என்று எழுதுபவரும் இருப்பதால், ற்ற உள்ள பெயருக்கு இரண்டு சாவிகளை வைத்துக்கொள்வது பாதுகாப்பு. சிங்களத்தில் ඳ, ඟ, ඹ போன்ற எழுத்துகள் ஒன்றே இரண்டு ஒலியைத் தாங்கும், அவற்றை NT, NK, MP என்று விரிக்க வேண்டும். உயிரொலிகளும் யகரமும் போய்விடும்.

யகரத்தை ஏன் விட வேண்டும்? கந்தையா என்ற பெயரை Kanthaiya என்றும் எழுதுவார்கள், Kandiah என்றும் எழுதுவார்கள். பழைய ஆங்கில வழக்கில் ஐயா என்பது iah ஆகிவிட்டது. யகரத்தை வைத்திருந்தால் ஒன்றுக்கு KNTY, மற்றதற்கு KNT வரும். அதைவிட யகரத்தை உயிரோடு சேர்த்து விட்டுவிடுவது மேல்.

ஆங்கில h தான் அதிகம் தொல்லை தருவது. th, dh, sh, ch என்று இன்னொரு மெய்யோடு ஒட்டி வந்தால் அதற்குத் தனி மதிப்பு இல்லை. Rajah, Kandiah போலக் கடைசியில் வந்தால் அது ஊமை. இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் அது நம் ககரம். மகேந்திரனின் கே தான் Mahendran இல் he ஆகியிருக்கிறது. சொல்லின் தொடக்கத்தில் வந்தால் எதுவும் உறுதியில்லை. ஹரி, அரி, கரி மூன்றுமே சாத்தியம், அங்கே h உள்ளதும் இல்லாததுமாக இரண்டு சாவிகளை உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒரு கோப்பை எடுத்து நடந்து பார்க்கலாம். ஆள் கற்பனை, கோப்பின் அமைப்பு வழக்கமானது. 1953ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் திகதி பருத்தித்துறையில் பிறந்தவர், கொழும்பில் அரசாங்க வேலை செய்தவர். தகப்பன் 1981இல் எழுதிக் கொடுத்த காணி ஊரில் இருக்கிறது. நான்கு இடங்களில் அவர் பெயர் இப்படி ஏறியிருக்கிறது:

```
காணி உறுதி       கந்தையா மகேந்திரன்
அடையாள அட்டை     කේ. මහේන්ද්‍රන්
ஓய்வூதியப் பதிவு   KANTHIAH MAKENTHIRAN
கடவுச்சீட்டு       MAHENDRAN KANDIAH
```

சாவி செய்யும் முன் எழுத்துக் குறியீடுகளைச் சுத்தம் செய்ய வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போனால் பின்னால் வரும் எல்லாமே பிசகும், பிசகியது கண்ணுக்கும் தெரியாது. திரையில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு சொற்கள் உள்ளே வேறு குறியீடுகளாக இருக்கலாம்:

```
யோ    U+0BAF U+0BCB
யோ    U+0BAF U+0BC7 U+0BBE
ஸ்ரீ    U+0BB8 U+0BCD U+0BB0 U+0BC0
ஶ்ரீ    U+0BB6 U+0BCD U+0BB0 U+0BC0
```

முதல் ஜோடியை NFC என்ற யூனிகோட் சீராக்கம் ஒன்றாக்கிவிடும். இரண்டாவது ஜோடியை அது தொடாது, ஏனென்றால் யூனிகோட் கணக்கில் அவை இரண்டு வேறு எழுத்துகள். ஸ்ரீதரன், ஸ்ரீகாந்தன், ஸ்ரீஸ்கந்தராஜா எல்லோருக்கும் இந்த ஒரு விதியை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். சிங்களத்தில் ද්‍ර போன்ற கூட்டெழுத்துக்கு நடுவே U+200D என்ற கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் இருக்கும். ஒருவர் அதோடு தட்டியிருப்பார், ஒருவர் அது இல்லாமல் தட்டியிருப்பார். ஒப்பிடும் முன் அதை நீக்கிவிட வேண்டும்.

இன்னும் பழைய கோப்பாக இருந்தால் பாமினி எழுத்துருவில் தட்டியிருப்பார்கள். அதில் கணபதி என்பது உள்ளே `fzgjp` என்றே சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துருவைப் பற்றிய குறிப்பு தொலைந்த ஒரு அட்டவணையில் இந்த ஐந்து எழுத்தைப் பார்க்கும் நிரல், அதை ஆங்கிலப் பெயர் என்று எடுத்துக்கொண்டு சாவியும் செய்துவிடும். ஆங்கிலப் பத்தியில் உயிரெழுத்தே இல்லாத நீளமான சொற்கள் அடிக்கடி வருகின்றனவா என்று முதலில் எண்ணிப் பார்த்தால் இந்த விபத்தைப் பிடித்துவிடலாம்.

சரி, சுத்தம் செய்தாயிற்று. மகேந்திரன் என்பதிலிருந்து ம, க, ந, த, ர, ன வரும்: MKNTRN. මහේන්ද්‍රන් இல் ම, හ, න, ද, ර, න, அதுவும் MKNTRN. Makenthiran இல் th ஒரே ஒலி: MKNTRN. Mahendran இல் h உயிர்களுக்கு நடுவே வருவதால் K: MKNTRN. நான்கும் ஒன்றாகிவிட்டன. கந்தையாவும், Kanthiah, Kandiah இரண்டும் KNT ஆகின்றன. கடவுச்சீட்டில் பெயர் முன்பின்னாக இருக்கிறதே என்றால், பெயரின் பாகங்களை வரிசையாக ஒப்பிடாமல் ஒரு தொகுப்பாக ஒப்பிட வேண்டும். தகப்பன் பெயர் முன்னால் வருவது நம் வழக்கம். கடவுச்சீட்டுப் படிவமோ குடும்பப் பெயர் எது, மற்றப் பெயர் எது என்று கேட்கும். நிரப்புகிறவர் அன்று எப்படிப் புரிந்துகொண்டாரோ அப்படித்தான் அது பதிந்திருக்கும்.

அடையாள அட்டையில் தகப்பன் பெயருக்குப் பதில் தனி எழுத்தாக කේ. மட்டும் நிற்கிறது. முதலெழுத்துகள்தான் இந்த வேலையில் அதிகம் ஏமாற்றுபவை. சிங்களத்தில் முதலெழுத்தைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தின் பெயரால் எழுதுவார்கள். කේ. என்பது K. இதில் ஆபத்து இல்லை, ஒலியாகப் படித்தாலும் K தான் வரும். ஆனால் கணபதிப்பிள்ளையின் மகனுக்கு அது ජී. என்று இருக்கலாம், அதாவது G. நிரல் அதை ஒலியாகப் படித்தால் ஜகரம் என்று எடுத்து C வகையில் போடும்; தமிழ் ஆவணத்தில் இருக்கும் க. என்பதோடு ஒருநாளும் பொருந்தாது. எஸ்., எம்., ஆர். என்று தமிழில் எழுதும்போதும் இதே சிக்கல்தான். எஸ். என்பதை எகரத்தில் தொடங்கும் பெயர் என்று நினைத்துவிடக்கூடாது. ஆகவே புள்ளியோடு தனித்து நிற்கும் துண்டுகளுக்குத் தனி அட்டவணை வேண்டும்: முதலில் அது ஆங்கில எழுத்தின் பெயரா என்று பார்த்து, இல்லாவிட்டால் மட்டும் ஒலியாகப் படிக்க வேண்டும்.

அப்படியே படித்தாலும் K என்பது KNT உடன் முரண்படவில்லை என்றுதான் சொல்லலாம், பொருந்துகிறது என்று சொல்லக்கூடாது. கனகசபை, குமாரசாமி, கதிர்காமர், கந்தையா எல்லோருமே K தான்.

புள்ளிக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. திரு. செல்வம் என்று எழுதியதில் புள்ளியும் இடைவெளியும் தொலைந்தால் திருச்செல்வம் ஆகிவிடுகிறார், அது உண்மையிலேயே பலருக்கு இருக்கும் பெயர். மதிப்புச் சொற்களை நீக்குகிற விதி புள்ளிகளைத் துடைக்கிற விதிக்கு முன்னால் ஓட வேண்டும்.

இப்போது கோப்பை இன்னும் கொஞ்சம் கடினமாக்குவோம். 1981 உறுதியில் தகப்பன் காணியைத் தன் இரண்டு மகன்களுக்கும் எழுதியிருக்கிறார். மூத்தவர் மகேந்திரன், இளையவர் மோகனேந்திரன். பிள்ளைகளுக்கு ஓசை ஒத்த பெயர் வைப்பது நம் வீடுகளில் எவ்வளவு சாதாரணம் என்று சொல்லத் தேவையில்லை. தகப்பன் பெயர் ஒன்று, ஊர் ஒன்று, முகவரி ஒன்று. மோகனேந்திரனின் மெய்களை எடுத்தால் MKNNTRN. நடுவில் இரண்டு N.

இரட்டை மெய்யை ஒன்றாக்குவது எல்லோரும் வைக்கும் ஒரு விதி. Mohamed, Mohammed இரண்டையும் சேர்க்க அது வேண்டும். ஆனால் அதை எந்த இடத்தில் செய்கிறோம்? உயிர்களை நீக்கிய பிறகு இரட்டைகளை ஒன்றாக்கினால், தம்பியின் MKNNTRN அண்ணனின் MKNTRN ஆகிவிடும். அண்ணனும் தம்பியும் ஒரே ஆள் ஆகிவிட்டார்கள், காணியில் ஒருவர் பங்கு காணாமல் போகிறது. உயிர்கள் இருக்கும்போதே, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நிற்கும் இரட்டைகளை மட்டும் ஒன்றாக்கினால் இது நடக்காது. மோகனேந்திரனின் இரண்டு ன, ந நடுவே ஏகாரம் இருக்கிறது. இரண்டு வரியின் வரிசை மாறியதால் வரும் பிழை இது. சோதனைக்கு எடுத்த சில பெயர்களில் இப்படி ஒரு சோடி இல்லாவிட்டால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள்.

வரிசை சரியாக இருந்தாலும் சாவியால் தீராத சோடிகள் உண்டு. குறுகிய பெயர்கள்தான் அதிகம் மோதும். கமலாவும் கோமளாவும் KML. வாணியும் வேணியும் VN. முகம்மதும் மஹ்மூதும் MKMT. இதனால்தான் சாவியை முடிவாக எடுக்கக்கூடாது. இலட்சக்கணக்கான பதிவுகளில் எதை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான் அது. சாவி ஒத்தவர்களுக்குள் அடுத்த சுற்றில் உயிர்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அங்கே எல்லா வேறுபாட்டுக்கும் ஒரே தண்டனை கூடாது. குறில் நெடில் வேறுபாட்டுக்கு மிகக் குறைவு, ஏனென்றால் ஆங்கிலம் அதைப் பெரும்பாலும் காட்டுவதே இல்லை. ஜய, ஜெய போல அகரமும் எகரமும் மாறினால் குறைவு. மு, மொ போல உகரமும் ஒகரமும் மாறினாலும் குறைவு. வாணியின் ஆகாரத்துக்கும் வேணியின் ஏகாரத்துக்கும் இடையே கூடுதல். மெய்கள் ஆங்கிலத்தில் d, th என்று வேறுபட்டால் கவலையில்லை. தமிழ் ஆவணங்கள் இரண்டுக்குள்ளேயே ஒன்றில் ட, மற்றதில் த என்றால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே எழுத்தில் இருக்கும் இரண்டு ஆவணங்களை அந்த எழுத்தின் முழு வேறுபாட்டோடுதான் ஒப்பிட வேண்டும், சாவி அளவுக்கு இறக்கத் தேவையில்லை.

பெயர் ஒத்தது என்பதற்கு எவ்வளவு மதிப்பு என்பது அடுத்த கேள்வி. கனடாவின் புள்ளிவிவரத் துறையில் வேலை செய்த ஐவன் ஃபெலிகியும் ஆலன் சன்ட்டரும் 1969இல் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு கணக்கு தந்தது, இன்றும் பதிவேடுகளை இணைப்பவர்கள் அதைத்தான் அடித்தளமாக வைக்கிறார்கள். ஒரு விவரம் ஒத்துப்போவது, உண்மையில் ஒரே ஆளாக இருந்தால் எவ்வளவு சாத்தியம், சம்பந்தமில்லாத இருவராக இருந்தால் எவ்வளவு சாத்தியம் என்று பார்த்து, முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். ஒரே ஆளின் ஆவணங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை பெயர் ஒத்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பட்டியலில் பத்தில் ஒருவருக்கு இருக்கும் பெயர் ஒத்தால், ஒரே ஆள் என்பதற்கான சாய்வு 9 மடங்கு கூடும். பத்தாயிரத்தில் ஒருவருக்கே இருக்கும் பெயர் என்றால் 9000 மடங்கு. முகம்மது என்று மட்டும் ஒத்திருப்பது மிக மெலிந்த சான்று. ஸ்ரீஸ்கந்தராஜா என்பது ஒத்திருப்பது பலமானது. இந்த அடிக்கடித்தன்மையை நாடு முழுவதற்கும் ஒரே எண்ணாக வைத்தால் தவறாகும். கந்தையா என்பது வடமராட்சியில் சாதாரணம், மாத்தறையில் அரிது.

அப்புறம் பெயருக்கு வெளியே உள்ள விவரங்கள். இலங்கையில் நமக்கு ஒரு நல்ல துணை உண்டு: 1972 முதல் வழங்கப்படும் தேசிய அடையாள அட்டை இலக்கம். எந்த மொழியில் எழுதினாலும் இலக்கம் ஒன்றுதான். பழையது ஒன்பது இலக்கமும் V அல்லது X என்ற எழுத்தும் கொண்டது. 2016 முதல் பன்னிரண்டு இலக்கம். பழையதைப் புதியதாக்க முன்னால் 19 சேர்த்து, முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு 0 நுழைத்து, எழுத்தை விட்டுவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, ஒரே ஆளுக்கு இரண்டு இலக்கம் என்று இரண்டு பதிவு வைத்திருப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

இலக்கத்துக்குள்ளேயே பிறந்த ஆண்டும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. பெண்களுக்கு நாளோடு 500 கூட்டப்படும். நம் மகேந்திரன் 1953 ஜூலை 3. சாதாரணமாக எண்ணினால் அது 184ஆவது நாள். ஆனால் அட்டையின் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 உண்டு, அதனால் இலக்கம் 53185 என்று தொடங்க வேண்டும். இது தெரியாமல் சரிபார்க்கும் நிரல், பெப்ரவரிக்குப் பின் பிறந்த பெரும்பாலோரின் பிறந்த திகதி ஒரு நாள் தவறு என்று சொல்லும். எல்லாப் பிழையும் சரியாக ஒரு நாள் என்றால் ஆவணத்தைச் சந்தேகிக்காமல் நிரலைச் சந்தேகியுங்கள்.

நம் கோப்பில் அடையாள அட்டை, ஓய்வூதியப் பதிவு, கடவுச்சீட்டு மூன்றையும் இந்த இலக்கம் இணைத்துவிடும். காணி உறுதியில் அந்த இலக்கம் இல்லாவிட்டால் அங்கே பெயரும் ஊரும் மட்டும்தான் மிஞ்சும். ஊரில் ஒலி முறை உதவாது. பருத்தித்துறை ஆங்கிலத்தில் Point Pedro, சிங்களத்தில் පේදුරුතුඩුව. கண்டி சிங்களத்தில் මහනුවර. இவற்றை எந்தச் சாவியும் சேர்க்காது. மூன்று மொழிப் பெயரையும் ஒரே இட எண்ணோடு கட்டிய அட்டவணை ஒன்றை முதலிலேயே தயாரித்து, எல்லா ஊரையும் அந்த எண்ணாக மாற்றிவிட வேண்டும்.

மாற்றினால் என்ன கிடைக்கிறது? உறுதிக்கும் ஓய்வூதியப் பதிவுக்கும் இடையே சொந்தப் பெயர் ஒத்தது, தகப்பன் பெயர் முழுமையாக ஒத்தது, ஊர் ஒத்தது. முரண் ஏதும் இல்லை. அடையாள அட்டையை மட்டும் உறுதியோடு ஒப்பிட்டிருந்தால் தகப்பன் பெயருக்கு K தான் இருந்திருக்கும், அது போதாது. ஆகவே வரிசை முக்கியம்: உறுதியான இலக்கத்தால் மூன்று ஆவணத்தையும் முதலில் ஒன்றாகக் கட்டி, அந்தக் கட்டில் உள்ள நிறைவான பெயரை எடுத்து உறுதியோடு ஒப்பிட வேண்டும். அப்போதும் இதைத் தானாக ஏற்கும் வரம்புக்குள் போடமாட்டேன். ஒரே உறுதியில், ஒரே தகப்பனுக்கு, நெருங்கிய பெயருள்ள இன்னொரு மகன் இருக்கிறார். இப்படி ஒரு போட்டியாளர் இருந்தால் மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தாலும் மனிதர் பார்வைக்கு அனுப்ப வேண்டும் என்பதை விதியாகவே வைக்கலாம்.

பார்ப்பவர் மூன்று எழுத்தும் படிக்கக்கூடியவராக இருக்க வேண்டும், திரையில் மூல எழுத்தே தெரிய வேண்டும். சாவியையோ ஆங்கில மாற்றத்தையோ மட்டும் காட்டினால், கமலாவையும் கோமளாவையும் பிரிக்கும் தகவல் அவர் கண்ணில் படாது. அவருக்கும் முடிவு வராவிட்டால் பழைய வழிதான்: இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசி. அதை வாங்கிக் கோப்பில் செருகிவிட்டு மறந்துவிடாமல், அதில் உள்ள எல்லா எழுத்துக்கூட்டல்களையும் அந்த ஆளின் மாற்றுப் பெயர்களாகத் தரவில் ஏற்ற வேண்டும். அடுத்த தடவை அதே கேள்வி வராது. அதோடு அந்தச் சோடிகளே விதிகளைச் சோதிக்க நல்ல பரீட்சைத்தாளாகவும் அமையும். சோதிக்கும்போது தமிழ்–சிங்களம், தமிழ்–ஆங்கிலம், சிங்களம்–ஆங்கிலம் என்று தனித்தனியாகவும், தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், முஸ்லிம் பெயர் என்று தனித்தனியாகவும் பிழையை எண்ண வேண்டும். மொத்தமாக ஒரே விழுக்காடு எடுத்தால், பெரும்பான்மையான பெயர்வகையின் நல்ல முடிவு மற்ற வகையின் மோசமான முடிவை மறைத்துவிடும்.

இவ்வளவும் ஆணின் கோப்புக்கு. அந்த வீட்டில் கமலா என்று ஒரு சகோதரியும் இருந்தால், பிறப்புப் பதிவில் அவர் கந்தையா கமலா. நடராசாவைத் திருமணம் செய்த பின் தமிழில் கமலா நடராசா, ஆங்கிலத்தில் Mrs. K. Nadarajah, சிங்களத்தில் එන්. කමලා. மேலே சொன்ன கணக்கில் தகப்பன் பெயர் ஒவ்வாமை பெரிய மதிப்பெண் இழப்பு. அப்படியே விட்டால் திருமணமான பெண்கள் எல்லோரும் தங்கள் தாய்வீட்டு ஆவணங்களிலிருந்து அறுந்துபோவார்கள், சீதனக் காணி உட்பட. அதனால் இரண்டாவது பெயருக்கு அது தகப்பனுடையதா கணவனுடையதா என்ற குறிப்பு தரவிலேயே வேண்டும். தெரியாத இடத்தில் ஒவ்வாமையைச் சான்றாக எடுக்காமல் வெற்றிடமாக எடுக்க வேண்டும். பாலமாக நிற்பது திருமணப் பதிவு: மணமகள் பெயர், அவர் தகப்பன் பெயர், மணமகன் பெயர் மூன்றும் ஒரே தாளில் இருக்கும் இடம் அது. பிறப்புப் பதிவையும் காணிப் பதிவையும் நேரடியாக இணைக்கப் போகும் முன், திருமணப் பதிவைத்தான் முதலில் கணினியில் ஏற்ற வேண்டும்.